விடுப்பு முடியும் முன்பே வேலைக்குத் திரும்பினால்: மேலாளரிடம் என்ன கேட்பது, எந்த வேலையை எடுப்பது?

கேள்வி: சிங்கப்பூரில் நடுத்தர நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக ஜூலை 13 முதல் 31 வரை விடுப்பு எடுத்துத் திருச்சி வந்தேன். பத்து நாள் ஆண்டு விடுப்பு, ஐந்து நாள் சம்பளமில்லா விடுப்பு. அப்பா தேறிவிட்டார், அண்ணனும் வந்துவிட்டான். 27ஆம் தேதி திங்கட்கிழமையே வேலைக்குப் போனால் ஒரு வாரச் சம்பளமாவது மிஞ்சும். தோழி, “சும்மா போய் உட்காரு, மேலாளர் சந்தோஷப்படுவார்” என்கிறாள். எனக்கோ, வந்துவிட்டேன் என்று சொன்ன அன்றே பொருள் சேவை வரி, சம்பளம், சப்ளையர் பணம் எல்லாம் சேர்ந்து தலையில் விழுமோ என்று பயம். எப்படி எழுதுவது?
பொங்கோல் வாசகி

பதில்:

பயணச்சீட்டை இன்னும் மாற்றவில்லை என்றால் அப்படியே வைத்திருங்கள். முதலில் மேலாளரின் சம்மதம், பிறகுதான் சீட்டு. தோழியின் யோசனையில் உள்ள கோளாறு இதுதான்: விடுப்பு கேட்டது நீங்கள் என்றாலும், ஒப்புதல் தந்த பிறகு அது இரு தரப்பு ஏற்பாடு ஆகிவிடுகிறது. வேலை நியமனச் சட்டம் ஆண்டு விடுப்புக்குக் குறைந்தபட்ச நாள்களை வகுத்திருக்கிறது (முதல் ஆண்டில் 7, பிறகு ஆண்டுக்கு ஒன்று கூடி எட்டாம் ஆண்டு முதல் 14). ஒப்புதலான விடுப்பை நினைத்தபோது பாதியில் முடித்துக்கொள்ளும் உரிமையை அது ஊழியருக்குத் தரவில்லை. அதை உங்கள் நியமன ஒப்பந்தமும் நிறுவனத்தின் ஊழியர் கையேடும்தான் தீர்மானிக்கும். உங்கள் இடத்துக்கு 31ஆம் தேதி வரை தற்காலிக ஆள் ஒருவரை வைத்திருந்தால், அந்த வாரம் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் ஆகும். மேலாளர் தயங்குவதற்கு அது ஒன்றே போதும். அதனால் “வருகிறேன்” என்று அறிவிக்காமல் “வரலாமா” என்று கேளுங்கள்.

எப்போது கேட்பது? புதன்கிழமை, 22ஆம் தேதிக்குள். அதற்குப் பிறகு வேலை நாள்களாக வியாழனும் வெள்ளியும்தான் மிஞ்சும். அந்த இரண்டு நாளில் மனிதவளப் பிரிவு விடுப்பைத் திருத்த வேண்டும், கணினிப் பிரிவு உங்கள் நுழைவுரிமைகளைத் திரும்பத் திறக்க வேண்டும், உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்பவர் திரும்ப ஒப்படைக்கத் தயாராக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டுத் திங்கள் காலை போய் நின்றால், கடவுச்சொல் வேலை செய்யாமல் பாதி நாள் போய்விடும்.

சம்பளம் மிஞ்சும் என்கிறீர்கள். மிஞ்சுமா என்பது எந்த ஐந்து நாளை ரத்துசெய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் விடுப்பு இரண்டு விண்ணப்பங்களாகப் பதிவாகியிருக்கும். பெரும்பாலும் ஆண்டு விடுப்பு முதலில், ஜூலை 13 முதல் 24 வரை. சம்பளமில்லா விடுப்பு பின்னால், 27 முதல் 31 வரை. அப்படியானால் இரண்டாவது விண்ணப்பத்தை முழுதாக ரத்துசெய்தால் முடிந்தது. வரிசை தலைகீழாக, 13 முதல் 17 வரை சம்பளமில்லா விடுப்பு, 20 முதல் 31 வரை ஆண்டு விடுப்பு என்று இருந்தால், கடைசி வாரத்தை ரத்துசெய்வதால் ஆண்டு விடுப்பு நாள்கள்தான் உங்கள் கணக்குக்குத் திரும்பும். முதல் வாரப் பிடித்தம் அப்படியே நிற்கும். அந்த நிலையில், திரும்பக் கிடைக்கும் ஐந்து ஆண்டு விடுப்பு நாள்களைக் கொண்டு முதல் வாரத்தை ஈடுகட்டும்படி மனிதவளப் பிரிவைத் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு ஒப்புவது நிறுவனத்தின் விருப்பம், தானாக நடக்காது.

தொகை எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். மாதச் சம்பளம் 4,600 வெள்ளி, வாரம் ஐந்து நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுமையடையாத மாதத்துக்கு மனிதவள அமைச்சு சொல்லும் முறை: மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் மொத்த வேலை நாள்களால் வகுத்து, வேலை செய்த நாள்களால் பெருக்க வேண்டும். சம்பளத்துடன் கூடிய விடுப்பும் வேலை செய்த நாளாகவே எண்ணப்படும். இந்த ஜூலையில் திங்கள் முதல் வெள்ளி வரை 23 வேலை நாள்கள், பொது விடுமுறை இல்லை. ஐந்து நாள் சம்பளமில்லா விடுப்பு நின்றால் 18 நாளுக்கான 3,600 வெள்ளி. ரத்தானால் முழு 4,600. மத்திய சேமநிதியும் இதோடு நகரும்: 55 வயதுக்கு உட்பட்ட, முழு விகிதத்தில் பங்களிக்கும் ஒருவருக்கு ஊழியர் பங்கு 720 வெள்ளியிலிருந்து 920க்கும், முதலாளி பங்கு 612 வெள்ளியிலிருந்து 782க்கும் கூடும். ஆயிரம் வெள்ளி வித்தியாசம் என்பதால், திருத்தம் ஜூலைச் சம்பளப் பட்டியல் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தவறினால் ஆகஸ்ட்டில் நிலுவையாக வரும். பணம் தொலையாது, ஆனால் சேமநிதிக் கணக்கையும் யாராவது திருத்த வேண்டியிருக்கும்.

விடுப்புச் செயலியில் ஒரு பொறி உண்டு. பலவற்றில் ஒப்புதலான விடுப்பின் முடிவுத் தேதியை ஊழியரால் மாற்ற முடியாது. “ரத்து” என்ற பொத்தான் மட்டும் இருக்கும். அதைத் தட்டினால் முழு விண்ணப்பமும் போய்விடும். பத்து நாள் ஆண்டு விடுப்பில் எட்டு நாளை ஏற்கெனவே கழித்திருக்கும் நிலையில் அதை ரத்துசெய்தால், அந்த எட்டு நாளும் காரணம் சொல்லாமல் வராமல் இருந்ததாகப் பதிவில் நிற்கும். பிறகு பின்தேதியிட்டு விண்ணப்பிக்க வேண்டும்; சில செயலிகள் அதையும் அனுமதிக்காது. ஆகவே மேலாளர் சம்மதித்ததும் நீங்களாக எதையும் தட்டாமல், “27 முதல் 31 வரையிலான சம்பளமில்லா விடுப்பை மட்டும் ரத்துசெய்யவும், 13 முதல் 24 வரையிலானதைத் தொட வேண்டாம்” என்று தேதிகளோடு மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள். மேலாளரின் சம்மத மின்னஞ்சலையும் இணைத்துவிடுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். எல்லா வேலையும் தலையில் விழுவதற்கு மேலாளர் காரணமாக இருக்க மாட்டார். “திங்கள் வருகிறேன்” என்று மட்டும் எழுதினால், அவர் அதை “திங்கள் முதல் எல்லாம் பழையபடி” என்றுதான் படிப்பார். எந்த வேலையை எந்த நாள் எடுக்க முடியும், எதை எடுக்கக் கூடாது என்று நீங்களே எழுதிவிட்டால் அந்த ஊகத்துக்கு இடமில்லை. அதை எழுதுவதற்கு ஒவ்வொரு வேலையைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைத் தொடங்க நான் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? யாருக்காகவும் இல்லை என்றால் திங்களே தொடங்கலாம். பார்த்துக்கொள்பவரிடமிருந்து வாங்க வேண்டும் என்றால் ஒரு நாளும் நேரமும் வேண்டும். வெளியாரின் பதிலுக்காக என்றால், நீங்கள் ஊரில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் அது நகராது. கணக்குப் பிரிவின் ஜூலை கடைசி வார வேலைகளில் இது எப்படிப் பொருந்தும் என்று பார்க்கலாம். உங்கள் நிறுவனத்தின் தேதிகள் சற்று மாறலாம், முறை இதுவே.

யாருக்காகவும் காத்திராத வேலை, ஜூன் மாத வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு. வங்கி அறிக்கை கையில் இருக்கிறது, மாதமும் மூடிவிட்டது. நீங்கள் இல்லாதபோது பார்த்துக்கொள்பவர் அன்றாட வேலையில் ஓடிக்கொண்டிருப்பார் என்பதால் இது பெரும்பாலும் தொடப்படாமலே இருக்கும். திங்கள் காலைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். ஜூன் இறுதி நிலவரமும் உங்கள் மனதில் திரும்பப் பதியும்.

பொருள் சேவை வரிப் படிவம் இரண்டாவது வகை. உங்கள் நிறுவனத்தின் காலாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால், தாக்கல் செய்யவும் செலுத்தவும் கடைசி நாள் ஜூலை 31. தாமதமாகத் தாக்கல் செய்தால் உடனடியாக 200 வெள்ளி அபராதம் விழும், அதன் பிறகும் முழுதாகக் கடக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் இன்னொரு 200. இதைக் கண்டதும் கை பரபரக்கும்: “கொடுங்கள், நானே முடித்துவிடுகிறேன்.” அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு வாரமாக விவரங்களைத் திரட்டியவரிடமிருந்து கடைசி வாரத்தில் தாளைப் பிடுங்கினால், எந்தக் கடன் குறிப்பைச் சேர்த்தார், எதை ஒதுக்கினார் என்ற காரணங்கள் அவர் தலையிலேயே தங்கிவிடும். தயாரிப்பது அவரிடமே இருக்கட்டும். நீங்கள் சரிபார்ப்பவராக உள்ளே வாருங்கள்.

அவர் திங்கள் மாலைக்குள் வரைவைத் தந்தால் செவ்வாய் மதியத்துக்குள் சரிபார்த்துவிடலாம். முதலில் படிவத்தின் 1ஆம் கட்டத்தையும் 6ஆம் கட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலையான விகித விற்பனை 412,000 வெள்ளி என்றால் 9 விழுக்காட்டில் வரி 37,080. சில வெள்ளி வித்தியாசம் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் காசை முழுமையாக்குவதால் வருவது, விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் என்றால் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று: 2ஆம் கட்டத்துக்குப் போக வேண்டிய ஏற்றுமதி விற்பனை 1இல் விழுந்திருக்கும், அல்லது ஒரு கடன் குறிப்பு விற்பனையில் கழிந்து வரியில் கழியாமல் இருக்கும். அடுத்து 7ஆம் கட்டம், அதாவது திரும்பக் கோரும் வரி. தற்காலிகமாகப் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம், நிறுவனக் கார்களின் பெட்ரோல், பழுதுபார்ப்புச் செலவு. சாதாரண ‘எஸ்’ எண்தகடு கொண்ட காருக்கான செலவில் அந்த வரியைக் கோர முடியாது, வேலைக்காகவே ஓடிய கார் என்றாலும். வேனுக்கும் லாரிக்கும் இந்தத் தடை இல்லை. பெட்ரோல் ரசீதுகளை வாகன எண்ணோடு சேர்த்துப் பார்த்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மின்தளத்தில் தாக்கல் செய்யும் அனுமதி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். கார்ப்பாஸில் தயாரிப்பவர், ஒப்புதல் தருபவர் என்று தனித்தனிப் பொறுப்புகள் உண்டு. விடுப்புக்குப் போகும்போது உங்கள் ஒப்புதல் பொறுப்பு வேறொருவருக்குப் போயிருந்தால், இந்தக் காலாண்டுக்கு அது அவரிடமே இருக்கட்டும். ஒரு தாக்கலுக்காக மாற்றி, மறுபடி மாற்றுவது நிறுவனத்தின் கார்ப்பாஸ் நிர்வாகிக்கு வீண் வேலை.

சப்ளையர்களுக்குப் பணம் அனுப்புவதும் இரண்டாவது வகைதான், ஆனால் இதில் ஆபத்து கூடுதல். இங்கே இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. வங்கித் தளத்தில் உங்கள் பயனர் உரிமையும் டோக்கனும் இயங்குகின்றனவா? நீண்ட விடுப்பில் அவற்றை முடக்குவது நல்ல வழக்கம். திரும்பத் திறக்க வங்கித் தள நிர்வாகி ஒருவர் செய்து, இன்னொருவர் ஒப்ப வேண்டியிருக்கும். செவ்வாய்க்குள் அது முடியாவிட்டால் வியாழக்கிழமைப் பணம் அனுப்பும் சுற்றில் உங்களைச் சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வவுச்சர் தயாரிப்பது மட்டும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.

இரண்டாவது கேள்வி, இரட்டைப் பணம். ஒரு வேலை இடையில் கைமாறும்போது ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை பதிவாவது சாதாரணம். சப்ளையர் முதலில் பார்த்துக்கொள்பவருக்கு அனுப்பியிருப்பார். பணம் வரவில்லை என்று உங்கள் தானியங்கிப் பதிலைப் பார்க்காமல் உங்களுக்கும் அனுப்பியிருப்பார். அவர் ‘INV-2207’ என்று பதிவுசெய்ததை நீங்கள் ‘INV2207’ என்று பதிவுசெய்வீர்கள். கோடு ஒன்று இல்லாததால் மென்பொருள் இரண்டையும் வேறு வேறு இன்வாய்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே முதல் சுற்றுக்கு முன்னால் ஜூலை 13க்குப் பிறகு பதிவானவை அனைத்தையும் எக்செலில் இறக்கி, சப்ளையர் பெயர், தொகை, இன்வாய்ஸ் தேதி என்ற மூன்றை வைத்து வரிசைப்படுத்துங்கள். எண்ணை நம்ப வேண்டாம். மூன்றும் ஒத்துப்போகும் இரட்டை வரிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். மாதா மாதம் ஒரே தொகை வாங்கும் துப்புரவு நிறுவனம் போன்றவர்கள் இதில் வர மாட்டார்கள், தேதி வேறு என்பதால்.

ஜூலைச் சம்பளத்தை மட்டும் தொடவே வேண்டாம். திங்கள் நீங்கள் உள்ளே வரும்போது மிகைநேர வேலை விவரங்கள் பாதி ஏறியிருக்கும். பாதியில் கை மாறினால் யாருடையது ஏறியது, யாருடையது ஏறவில்லை என்பதில் குழப்பம் வரும். மிகைநேர ஊதியம் இருமுறை போய்விட்டால் அடுத்த மாதம் அதைப் பிடித்துக்கொள்வதில் ஊழியரிடம் வருத்தம் வேறு. சட்டப்படி ஜூலைச் சம்பளம் ஆகஸ்ட் 7க்குள் போய்ச் சேர வேண்டும். மிகைநேர ஊதியத்துக்கு 14ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. ஆகையால் ‘நான் வராவிட்டால் நின்றுவிடும்’ என்ற நெருக்கடியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மாதப் பட்டியலில் உங்கள் சம்பளமில்லா விடுப்பு ரத்தாகிற வரி இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் ஆயிரம் வெள்ளியைக் கூட்டும் பதிவை நீங்களே போடக் கூடாது. எவ்வளவு நேர்மையாகப் போட்டாலும், ஆண்டு இறுதியில் தணிக்கையாளர் அந்த வரியில்தான் விரல் வைப்பார். ஆகஸ்ட் மாதச் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதுங்கள்.

தணிக்கையாளர் கேட்ட வாடிக்கையாளர் நிலுவை உறுதிக் கடிதங்கள் போன்றவை மூன்றாம் வகை. யார் பதில் தர வேண்டும், கடைசியாக எப்போது நினைவூட்டப்பட்டது என்பதை மட்டும் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு ஒரு வரியில் குறித்தால் போதும்.

மேலாளருக்கான மின்னஞ்சல் இப்படி இருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாது என்றால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்; வரிசைதான் முக்கியம்.

“வணக்கம். என் தந்தையின் உடல்நிலை தேறிவிட்டது. ஜூலை 31 வரை ஒப்புதலான என் விடுப்பை 24 வெள்ளியுடன் முடித்துக்கொண்டு 27 திங்கள் காலை 9 மணிக்கு அலுவலகம் வர உங்கள் அனுமதி வேண்டும். நீங்கள் சம்மதித்தால், 27 முதல் 31 வரையிலான ஐந்து நாள் சம்பளமில்லா விடுப்பை மட்டும் ரத்துசெய்யும்படி மனிதவளப் பிரிவுக்கு எழுதுகிறேன்.

திங்கள் காலையே நான் தொடங்கக்கூடியது: ஜூன் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு. புதன் மாலைக்குள் முடியும்.

பொருள் சேவை வரிப் படிவத்தைத் தயாரிப்பது இப்போது பார்ப்பவரிடமே இருக்கட்டும். திங்கள் மாலை வரைவு கிடைத்தால் செவ்வாய் மதியத்துக்குள் சரிபார்த்துத் தருகிறேன். வியாழன் 30ஆம் தேதி தாக்கல் செய்துவிடலாம்.

சப்ளையர் இன்வாய்ஸ்களைச் செவ்வாய் காலை 9 மணியிலிருந்து நான் எடுத்துக்கொள்ள முடியும். என் வங்கி உரிமை அதற்குள் திறக்கப்பட்டால் வியாழன் சுற்றையும் நானே தயாரிக்கிறேன். இல்லையென்றால் வவுச்சர் வரை மட்டும்.

ஜூலைச் சம்பளத்தை நான் எடுக்கவில்லை. என் விடுப்பு மாற்றம் அதில் இருப்பதால் இப்போது பார்ப்பவரே முடிப்பது முறை. ஆகஸ்ட் சம்பளத்திலிருந்து தொடர்கிறேன். தணிக்கையாளர் கடிதங்கள் வாடிக்கையாளர்களின் பதிலுக்காக நிற்கின்றன. நான் வருவதால் அதில் மாற்றமில்லை.

பயணச்சீட்டை மாற்ற வேண்டியிருப்பதால் வியாழன் 23 மாலைக்குள் உங்கள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும். இந்த வாரம் ஒத்துவராது என்றால் முன்பு சொன்னபடி ஆகஸ்ட் 3 திங்கள் வருகிறேன்.”

அப்பாவின் நிலைமை பற்றி ஒரு வாக்கியம் போதும். மருத்துவ விவரங்களும் நன்றியுரையும் நீண்டால் மேலாளர் முடிவெடுக்க வேண்டிய விஷயம் மூன்றாவது பத்திக்குப் போய்விடும். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மறுப்பதற்கும் வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர் தயங்காமல் பதில் சொல்வார்.

உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்பவருக்கு நகல் அனுப்ப வேண்டாம். மேலாளர் முடிவெடுத்த பிறகு அவருக்குத் தனியாக எழுதுங்கள், முடிந்தால் தொலைபேசியில் பேசிவிட்டு எழுதுங்கள். மூன்று வாரத்துக்கென்று வேலையை ஒழுங்குபடுத்திக்கொண்டவருக்கு, நீங்கள் முன்னதாக வருவது தன் வேலையில் குறை கண்டதுபோலத் தோன்றக்கூடும். சம்பளமும் வரிப் படிவமும் அவரிடமே இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்த நெருடல் பாதி குறையும்.

திங்கள் காலை அவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். பாதியில் நிற்பவை எவை, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார், கணக்கில் ஏறாமல் மேசையிலோ மின்னஞ்சலிலோ கிடக்கும் தாள்கள் எவை என்ற மூன்றும் தெரிந்தால் போதும். நடுக் கேள்விதான் பெரும்பாலும் விட்டுப்போகும். “வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுகிறேன்” என்று ஒரு சப்ளையரிடம் அவர் சொல்லியிருப்பார், உங்களுக்குத் தெரியாது, வெள்ளி மாலை அலைபேசி ஒலிக்கும்.

மின்னஞ்சலின் தானியங்கிப் பதிலைத் திங்கள் காலையே அணைத்துவிடாதீர்கள். இன்வாய்ஸ்கள் செவ்வாய் 9 மணிக்கு உங்களிடம் வருவதாகச் சொன்னால், அதுவரை “ஜூலை 28 முதல் இன்வாய்ஸ்களை எனக்கு அனுப்பவும், அதற்கு முன் வருபவற்றை இன்னார் பார்ப்பார்” என்று மாற்றி வையுங்கள். உங்கள் பெட்டியிலிருந்து அவருக்குத் தானாகத் திருப்பிவிடும் விதி ஏதாவது போட்டிருந்தால் செவ்வாய் காலை அதையும் நிறுத்த வேண்டும். பலர் தானியங்கிப் பதிலை நிறுத்திவிட்டுத் திருப்பிவிடும் விதியை மறந்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு இன்வாய்ஸும் இரண்டு பெட்டியிலும் விழும். மேலே சொன்ன இரட்டைப் பதிவு தொடங்குவது இங்கேதான்.

வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வேலை பார்க்கும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பொறுப்புகளில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை தொடர்ச்சியாகக் குறிப்பிட்ட நாள்கள் விலகியிருந்தே ஆக வேண்டும் என்ற விதி அங்கே இருக்கும். அவர்கள் இல்லாதபோது வேறொருவர் அந்த வேலையைப் பார்த்தால்தான் மறைந்திருக்கும் முறைகேடு வெளிவரும் என்பதற்காக. அந்தக் கட்டாய விடுப்பைச் சுருக்க உங்கள் மேலாளரே நினைத்தாலும் முடியாமல் போகலாம். முதலில் மனிதவளப் பிரிவைக் கேளுங்கள்.

மேலாளர் பாதி சம்மதம் தரவும் கூடும்: “தற்காலிக ஆள் 28 வரை இருக்கிறார், 29 புதன் வாருங்கள்.” அப்போது ரத்தாவது மூன்று நாள்தான், மிஞ்சுவது மேற்சொன்ன கணக்கில் 600 வெள்ளி. பயணச்சீட்டை மாற்றும் கட்டணமும் கட்டண வித்தியாசமும் சேர்ந்து அதைத் தின்றுவிடுமா என்று பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். மின்னஞ்சலில் உள்ள நாள்களையும் இரண்டு நாள் தள்ள வேண்டியிருக்கும்: வங்கிச் சரிபார்ப்பு புதன் தொடங்கும், வரிப் படிவத்தைச் சரிபார்க்க வியாழன் காலை மட்டும்தான் கிடைக்கும், வியாழன் சப்ளையர் சுற்று அந்த வாரம் அவரிடமே இருக்கட்டும்.

முழுதாக மறுத்துவிட்டாலும் ஒரு காரியம் செய்யாதீர்கள்: “எப்படியும் சிங்கப்பூர் வந்துவிட்டேன், வீட்டிலிருந்து கொஞ்சம் பார்த்துக்கொடுக்கிறேன்” என்று மடிக்கணினியைத் திறக்காதீர்கள். பதிவில் அந்த ஐந்து நாளும் சம்பளமில்லா விடுப்பாகவே நிற்கும். செய்த வேலைக்குச் சம்பளம் கேட்க உங்கள் கையில் எந்தத் தாளும் இருக்காது. விடுப்பில் இருப்பதாகப் பதிவான ஒருவரின் பெயரில் வங்கித் தளத்தில் நுழைவு தெரிந்தால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவரும் நீங்களே.